தனிப்பட்ட படங்களுக்குப் பூட்டு, குடும்பத்துக்கு மட்டும் ஓர் ஆல்பம்: கூகுள் போட்டோஸில் செய்வது எப்படி?

புது தில்லி: கைப்பேசியில் உள்ள தனிப்பட்ட படங்களைப் பிறர் கண்ணில் படாமல் பூட்டி வைப்பதற்கும், குழந்தையின் படங்களைக் குடும்பத்தினர் மட்டும் காணும் வகையில் பகிர்வதற்கும் கூகுள் போட்டோஸ் செயலியிலேயே வசதி உள்ளது. தனியாக ஒரு செயலியைப் பதிவிறக்க வேண்டியதில்லை, கட்டணமும் இல்லை. ஆனால், இவ்விரு வசதிகளிலும் பயனர்கள் கவனிக்காமல் கடந்துவிடும் ஓரிரு தெரிவுகள் உள்ளன. அவற்றில் தவறினால், பூட்டிய படங்கள் நிரந்தரமாக அழிந்துபோகலாம். குடும்பத்துக்கென உருவாக்கிய ஆல்பத்தை முன்பின் தெரியாதவரும் திறந்து பார்க்கலாம். இரண்டையும் சரியாக அமைக்கும் முறையை இங்கே காணலாம்.

இரண்டு வெவ்வேறு பாதுகாப்புகள்

பூட்டிய கோப்புறை என்பது நமது கைப்பேசியைக் கையில் எடுப்பவரிடமிருந்து படத்தைக் காக்கிறது. அலுவலகத்தில் ஒரு படத்தைக் காட்ட நாம் கொடுத்த கைப்பேசியில், அருகிலிருப்பவர் விரலால் அடுத்தடுத்த படங்களைத் தள்ளிப் பார்ப்பது, குழந்தை விளையாடும்போது கேலரி திறந்துகொள்வது, பழைய படங்கள் ‘நினைவுகள்’ என்ற பெயரில் திடீரெனத் திரையில் தோன்றுவது போன்ற சூழல்களுக்கு இது தீர்வு.

பகிரும் ஆல்பம் இதற்கு நேர்மாறானது. நாமே விரும்பிப் படத்தை வெளியே அனுப்புகிறோம். அது யாரிடம் சென்று சேர்கிறது என்பதை மட்டும் கட்டுப்படுத்துகிறோம். எனவே ஒன்றைச் செய்துவிட்டால் மற்றொன்றும் நிறைவேறிவிட்டது என்று கருத இயலாது. இரண்டையும் செய்ய விரும்புவோர் முதலில் பூட்ட வேண்டியவற்றைப் பூட்டிவிட்டு, அதன் பிறகு ஆல்பத்தை உருவாக்குவது நல்லது. பூட்டப்பட்ட படம் ஆல்பத்துக்கான தேர்வுப் பட்டியலில் தோன்றாது என்பதால், தவறுதலாக அது ஆல்பத்தில் சேரும் வாய்ப்பு இந்த வரிசையில் நீங்கிவிடுகிறது.

ஓர் எடுத்துக்காட்டு

புணேவில் வசிக்கும் இளம் தாய் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அறுவைச் சிகிச்சை மூலம் அவருக்குக் குழந்தை பிறந்துள்ளது. அவரது ஆண்ட்ராய்டு கைப்பேசியில் குழந்தையின் படங்கள் 200-க்கும் மேல் உள்ளன. அவற்றுடன், தையல் ஆறுவதை மருத்துவருக்குக் காட்ட எடுத்த படங்கள், பாலூட்டும்போது கணவர் எடுத்த சில படங்கள், பரிசோதனை அறிக்கைகள், ஆதார் அட்டையின் இரு பக்கங்கள் என ஏறத்தாழ 30 படங்களும் கலந்து கிடக்கின்றன.

நாகபுரியில் உள்ள அவருடைய பெற்றோர், அதே வீட்டில் வசிக்கும் மாமியார், வெளியூரில் பணியாற்றும் நாத்தனார் ஆகிய நால்வரும் குழந்தையின் படங்களைக் காண விரும்புகின்றனர். கணவரின் தம்பி அவ்வப்போது இதே கைப்பேசியில் விளையாடுகிறார். கைப்பேசியின் பின் எண் அவருக்குத் தெரியும். இந்த ஒரு விவரம் பின்னர் முக்கியத்துவம் பெறுவதைக் காண்போம்.

பூட்டிய கோப்புறை செயல்படும் விதம்

கூகுள் போட்டோஸின் பூட்டிய கோப்புறை 2021-ஆம் ஆண்டு முதலில் பிக்சல் கைப்பேசிகளிலும், பின்னர் பிற ஆண்ட்ராய்டு கைப்பேசிகளிலும் அறிமுகமானது. 2023-இல் ஐபோனுக்கான செயலியிலும் இது சேர்க்கப்பட்டது.

இதற்குள் மாற்றப்படும் படம், செயலியின் முதன்மைப் பட்டியலில் தோன்றாது. தேடலிலும், நினைவுகளிலும், ஆல்பங்களிலும் இடம்பெறாது. கைப்பேசியின் வேறு கேலரி செயலிகளாலும் அதைக் காண இயலாது. கோப்புறையைத் திறக்க, கைப்பேசியைத் திறக்கப் பயன்படும் அதே கைரேகை, முகம், பின் எண் அல்லது வடிவப் பூட்டு கேட்கப்படும். அதற்குள் இருக்கும் வரை படத்தைப் பிறருக்குப் பகிரவோ ஆல்பத்தில் சேர்க்கவோ முடியாது. பகிர வேண்டுமெனில் முதலில் வெளியே எடுக்க வேண்டும்.

பயனரின் பார்வையில் இதை ‘மறைத்தல்’ என்பதைவிட ‘இடம் மாற்றுதல்’ என்று புரிந்துகொள்வதே பொருத்தம். படம் அதன் பழைய இடத்திலிருந்து முற்றிலும் நீக்கப்பட்டு, புதிய இடத்தில் வைக்கப்படுகிறது. ஏற்கெனவே அது ஏதேனும் ஆல்பத்தில் இருந்திருந்தால் அங்கிருந்தும் விலகிவிடும். பின்னர் பூட்டிலிருந்து வெளியே எடுத்தாலும் அந்த ஆல்பத்தில் அது தானாகச் சேரும் என எதிர்பார்க்கக் கூடாது. நாமே மீண்டும் சேர்க்க வேண்டும்.

முதலில் முடிவெடுக்க வேண்டியது காப்புப் பிரதி

இந்த வசதியில் அதிக இழப்பை ஏற்படுத்தக்கூடிய இடம் இதுதான். பொதுவாக கூகுள் போட்டோஸில் காப்புப் பிரதி இயங்கிக்கொண்டிருந்தால், கைப்பேசியில் உள்ள படத்தின் ஒரு பிரதி கூகுள் கணக்கிலும் சேமிக்கப்படும். கைப்பேசி தொலைந்தாலும் படம் கிடைக்கும் என்ற நம்பிக்கை அதனால்தான் உருவாகியுள்ளது. ஆனால், பூட்டிய கோப்புறைக்கான காப்புப் பிரதி தனித் தெரிவாகவே உள்ளது. முதன்மைக் காப்புப் பிரதி இயங்குவதால் இதுவும் இயங்கும் என்று கருதிவிட முடியாது.

அது நிறுத்தப்பட்டிருக்கும் நிலையில் ஒரு படத்தைப் பூட்டினால், கூகுள் கணக்கில் முன்பே இருந்த அதன் பிரதியும் நீக்கப்படும். அந்தப் படம் இனி அந்த ஒரு கைப்பேசியில் மட்டுமே இருக்கும். அதன் பிறகு கூகுள் போட்டோஸ் செயலியை நீக்கினாலோ, செயலியின் தரவுகளை முழுமையாக அழித்தாலோ, கைப்பேசியைத் தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைத்தாலோ, கைப்பேசி தொலைந்தாலோ படம் திரும்பக் கிடைக்காது. புதிய கைப்பேசி வாங்கிப் பழையதிலிருந்து தரவுகளை மாற்றும்போதும் இந்தப் படங்கள் உடன் வருவதில்லை. இடம் போதவில்லை என்று பயன்படுத்தாத செயலிகளை நீக்கும்போது, ‘கேலரிதான் தனியாக உள்ளதே’ என்று போட்டோஸ் செயலியையும் நீக்கிவிடுவோர் இந்த இழப்பைச் சந்திக்கலாம்.

காப்புப் பிரதியை இயக்கினால் இந்த அபாயம் நீங்கும். அதே கூகுள் கணக்குடன் இணைந்த வேறொரு கைப்பேசியிலும் பூட்டிய கோப்புறையைத் திறக்க இயலும். அதுவே அதன் மறுபக்கமும் ஆகும். வீட்டில் கணவன், மனைவி இருவரும் ஒரே கூகுள் கணக்கைப் பயன்படுத்தினாலோ, பழைய கைப்பேசி ஒன்று அந்தக் கணக்கிலிருந்து வெளியேறாமல் குழந்தைகளின் கையில் இருந்தாலோ, அந்தக் கருவியின் பூட்டைத் திறக்கத் தெரிந்தவர் கோப்புறையையும் திறக்கக்கூடும். கூகுள் கணக்கு வழங்கும் 15 ஜிபி இலவச இடத்தில் இந்தப் படங்களும் கணக்கிடப்படும்.

நமது எடுத்துக்காட்டில் உள்ள தாய்க்கு மருத்துவ அறிக்கைகள் எதிர்காலத்திலும் தேவைப்படும். அவருடைய கணக்கை வேறு எவரும் பயன்படுத்தவில்லை. எனவே அவர் காப்புப் பிரதியை இயக்குவதே சரியான முடிவு. மாறாக, ஒரு படம் இணையத்தில் எந்த வடிவிலும் இருக்கக் கூடாது என்று கருதுவோர் அதை நிறுத்தி வைக்கலாம். ஆனால் அந்தப் படத்தின் ஒரே பிரதி தமது கையில் உள்ள கருவியில்தான் உள்ளது என்பதை அறிந்தே அதைச் செய்ய வேண்டும்.

படங்களைப் பூட்டும் முறை

செயலியின் பதிப்பைப் பொறுத்துப் பொத்தான்களின் இடம் சற்று மாறுபடலாம். அண்மைப் பதிப்புகளில் பின்பற்ற வேண்டிய வரிசை இது:

1. கைப்பேசிக்குத் திரைப்பூட்டு இல்லையெனில், அமைப்புகள் பகுதியில் முதலில் அதை அமைக்க வேண்டும். திரைப்பூட்டு இல்லாத கைப்பேசியில் இந்த வசதி இயங்காது.

2. கூகுள் போட்டோஸைத் திறந்து, கீழே உள்ள ‘Collections’ என்பதைத் தொட்டு, அதில் ‘Locked’ என்பதைத் தெரிவு செய்ய வேண்டும். முதன்முறை எனில் அமைப்பதற்கான அனுமதி கேட்கப்படும். காப்புப் பிரதி குறித்த கேள்வியும் இங்கே தோன்றும். அதைப் படிக்காமல் கடந்துவிடக் கூடாது.

3. முன்பே அமைத்துவிட்டவர்கள், திரையின் மேற்புறம் உள்ள தமது சுயவிவரப் படத்தைத் தொட்டு ‘Photos settings’, ‘Backup’ என்ற வரிசையில் சென்றால், பூட்டிய கோப்புறைக்கான காப்புப் பிரதி இயங்குகிறதா என்பதைப் பார்க்கலாம்.

4. பிறகு முதன்மைப் பட்டியலுக்குத் திரும்பி, பூட்ட வேண்டிய முதல் படத்தை நீண்ட நேரம் அழுத்தி, மற்ற படங்களையும் தெரிவு செய்து, ‘Move to Locked Folder’ என்பதைத் தொட்டு உறுதி செய்ய வேண்டும்.

ஒரே நேரத்தில் 30 படங்களையும் மாற்றாமல், முதலில் முக்கியமற்ற ஒரு படத்தை மட்டும் மாற்றிச் சோதிப்பது நல்லது. அது பட்டியலிலிருந்து மறைந்து, பூட்டிய கோப்புறையில் தோன்றுவதை உறுதி செய்துகொண்ட பிறகு மற்றவற்றை மாற்றலாம்.

ஆதார் அட்டை போன்ற ஆவணங்களைப் பொறுத்தவரை, அவற்றின் படத்தைக் கேலரியில் வைத்திருக்கும் தேவையே உள்ளதா என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அரசின் டிஜிலாக்கர் செயலியில் ஆவணம் கிடைக்கும் எனில், படத்தைப் பூட்டுவதைவிட அழித்துவிடுவது எளிது.

பூட்டுக்கு வெளியே இருக்கும் பிரதிகள்

மேற்கண்டவாறு பூட்டிய பின்னரும் அதே படம் வேறோர் இடத்தில் கண்ணில் படுவதாகச் சிலர் கூறுவதுண்டு. பூட்டு பழுதானதல்ல காரணம். அந்தப் படத்துக்கு மற்றொரு பிரதி இருந்திருக்கும்.

இதில் முதலிடம் வாட்ஸ்அப்புக்கு. மருத்துவருக்குத் தையலின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியபோது, அனுப்பப்பட்ட பிரதி ஒன்று வாட்ஸ்அப்பின் சொந்தக் கோப்புறையில் சேமிக்கப்பட்டிருக்கும். கேலரியில் அது பெரும்பாலும் தெரிவதில்லை. ஆனால் கைப்பேசியின் கோப்பு மேலாளரில் பின்வரும் இடத்தில் காணலாம்:

```
Android/media/com.whatsapp/WhatsApp/Media/WhatsApp Images/Sent
```

அங்கிருந்து அதை அழித்துவிட்டால், உரையாடலில் அந்தப் படம் பிறகு திறக்காமல் போகலாம். பெற்றவரிடம் உள்ள பிரதி எவ்வகையிலும் பாதிக்கப்படாது. அதேபோல், கணவர் தமது கைப்பேசியில் எடுத்து மனைவிக்கு அனுப்பிய படத்தின் மூலம் அவரது கைப்பேசியிலேயே உள்ளது. மனைவியின் கைப்பேசியில் பூட்டுவது அதைத் தொடாது; அவரும் தமது கைப்பேசியில் தனியாகப் பூட்ட வேண்டும்.

இரண்டாவது, குப்பைத்தொட்டி. ஒரே காட்சியை நான்கு முறை எடுத்து, மூன்றை அழித்துவிட்டு ஒன்றைப் பூட்டியிருந்தால், அழித்த மூன்றும் உடனே மறைவதில்லை. காப்புப் பிரதி எடுக்கப்பட்டவை 60 நாட்களும், மற்றவை 30 நாட்களும் கூகுள் போட்டோஸின் குப்பைத்தொட்டியில் தங்கியிருக்கும். அதைத் திறப்பதற்குத் தனிப் பூட்டு இல்லை. எனவே பூட்டும் பணி முடிந்ததும் குப்பைத்தொட்டியைக் காலி செய்துவிட வேண்டும்.

மூன்றாவது, ‘Partner Sharing’ எனும் இணையர் பகிர்வு. எப்போதோ இயக்கப்பட்டு மறந்துபோன இந்த வசதி, நமது படங்கள் அனைத்தையும் மற்றொருவரின் கணக்குக்குத் தொடர்ந்து காட்டிக்கொண்டிருக்கலாம். அவர் ஏற்கெனவே தமது கணக்கில் சேமித்துக்கொண்ட படம், நாம் பூட்டிய பிறகும் அவரிடம் இருக்கும். செயலியின் அமைப்புகளில் பகிர்வுப் பகுதியைத் திறந்து இது இயங்குகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது அவசியம்.

சாவி யாரிடம் உள்ளது?

கூகுள் போட்டோஸின் பூட்டிய கோப்புறைக்கெனத் தனிக் கடவுச்சொல் கிடையாது. கைப்பேசியின் திரைப்பூட்டே அதன் சாவி. ஆகவே கைப்பேசியின் பின் எண்ணை அறிந்த எவரும், அதில் கைரேகை பதிவு செய்துள்ள எவரும் கோப்புறையைத் திறக்க முடியும். நமது எடுத்துக்காட்டில் உள்ள கணவரின் தம்பிக்குப் பின் எண் தெரியும் என்பதால், இதுவரை செய்த அனைத்தும் அவரைப் பொறுத்தவரை பயனற்றவை.

இதற்கு எளிய தீர்வு, பின் எண்ணை மாற்றுவதும், அமைப்புகளில் கைரேகைப் பட்டியலைத் திறந்து தமது விரல்களைத் தவிர மற்றவற்றை நீக்குவதுமே ஆகும். விளையாடக் கேட்பவருக்குக் கைப்பேசியைத் தாமே திறந்து கொடுக்கலாம். திறந்த நிலையில் உள்ள கைப்பேசியிலும், பூட்டிய கோப்புறைக்குள் நுழைய மீண்டும் ஒருமுறை கைரேகையோ பின் எண்ணோ கேட்கப்படும்.

குடும்பத்தில் பின் எண்ணை மறைப்பது நடைமுறையில் இயலாத வீடுகளும் உண்டு. அத்தகையோருக்கு வேறு பூட்டுடன் இயங்கும் வசதிகள் பொருந்தும். சாம்சங் கைப்பேசிகளில் உள்ள ‘Secure Folder’ தனிப் பின் எண்ணை ஏற்கும். பிற ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில், ‘ஃபைல்ஸ் பை கூகுள்’ செயலியில் உள்ள ‘Safe folder’ என்பதற்குத் தனிப் பின் எண் அமைக்கலாம். ஆனால், அந்தப் பின் எண்ணை மறந்துவிட்டால் உள்ளே உள்ளவற்றை மீட்க வழியில்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

பழுதுபார்க்கும் கடையில் கைப்பேசியைக் கொடுக்கும் தருணமும் இத்தகையதே. சோதிப்பதற்காகப் பின் எண்ணைக் கேட்பது அங்கு வழக்கம். அதைக் கொடுத்தால் பூட்டிய கோப்புறையின் சாவியையும் கொடுத்ததாகவே பொருள். சாம்சங் கைப்பேசிகளில் ‘Maintenance mode’, பிக்சல் கைப்பேசிகளில் ‘Repair mode’ என்ற வசதிகள் இதற்காகவே உள்ளன. இவற்றை இயக்கிக் கொடுத்தால், பழுதுபார்ப்பவர் கைப்பேசியின் பாகங்களைச் சோதிக்க முடியும். உரிமையாளரின் படங்களையோ செய்திகளையோ காண முடியாது.

குடும்ப ஆல்பம்: இணைப்பா, அழைப்பா?

இனி இரண்டாவது பணி. கூகுள் போட்டோஸில் ஓர் ஆல்பத்தை இரண்டு வழிகளில் பகிரலாம். ஆல்பத்துக்கென ஓர் இணைப்பை உருவாக்கி அனுப்புவது ஒரு வழி. குறிப்பிட்ட கூகுள் கணக்குகளை நேரடியாகச் சேர்ப்பது மற்றொரு வழி. திரையில் இரண்டும் அடுத்தடுத்துத் தோன்றினாலும், பாதுகாப்பில் இரண்டுக்கும் பெரும் வேறுபாடு உள்ளது.

இணைப்பு முறையில், அந்த இணைப்பைப் பெற்றிருக்கும் எவரும் ஆல்பத்தைக் காணலாம். அதற்குக் கூகுள் கணக்கில் நுழைய வேண்டிய தேவைகூட இல்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இடப்பட்ட இணைப்பை உறவினர் ஒருவர் மகிழ்ச்சியில் தமது நண்பர்கள் குழுவுக்கு அனுப்பிவிட்டால், அங்குள்ள அனைவருக்கும் குழந்தையின் படங்கள் திறந்துவிடும். அது நிகழ்ந்ததற்கான அறிவிப்பு ஆல்பத்தின் உரிமையாளருக்கு வராது. எளிமையானது என்பதால் பலரும் இம்முறையையே நாடுகின்றனர். ‘குடும்பத்தினருக்கு மட்டும்’ என்ற நோக்கத்துக்கு இது பொருந்தாது.

நேரடி அழைப்பில், நாம் குறிப்பிட்ட கணக்குகளுக்கு மட்டுமே ஆல்பம் திறக்கும். இதை அமைக்க ‘Collections’ பகுதியில் ஆல்பங்களைத் திறந்து, புதிய ஆல்பம் உருவாக்கி, பெயரிட்டு, படங்களைச் சேர்க்க வேண்டும். பின்னர்ப் பகிர்வுப் பொத்தானைத் தொட்டு, உறுப்பினர்களின் பெயரையோ மின்னஞ்சல் முகவரியையோ தெரிவு செய்து அனுப்ப வேண்டும். இணைப்பு உருவாக்கும் பொத்தானை இங்கே தொடக் கூடாது.

பெரியவர்களைச் சேர்க்கும்போது ஒரு நடைமுறைச் சிக்கல் எழுவதுண்டு. அவர்களுடைய கைப்பேசியில் உள்ள கூகுள் கணக்கு அவர்களுடையதாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. வாங்கிய நாளில் கடைக்காரர் உருவாக்கிக் கொடுத்த கணக்காகவோ, மகன் அல்லது பேரனின் கணக்காகவோ அது இருக்கலாம். அந்தச் சூழலில் நாம் அனுப்பிய அழைப்பு அவர்களுக்குச் சென்று சேராது. அல்லது அதே கணக்கைப் பயன்படுத்தும் வேறொருவரும் ஆல்பத்தைக் காண்பார். எனவே அழைக்கும் முன், அவர்களது கைப்பேசியில் போட்டோஸ் செயலியைத் திறந்து, சுயவிவரப் படத்தைத் தொட்டால் தோன்றும் மின்னஞ்சல் முகவரியைத் தொலைபேசியில் படித்துக் காட்டச் சொல்லலாம். நமது எடுத்துக்காட்டில் உள்ள தாய் நால்வரின் முகவரியையும் இவ்வாறு சரிபார்த்த பின்னரே சேர்க்க வேண்டும்.

ஆல்பத்தின் தெரிவுகள்

ஆல்பத்தைப் பகிர்ந்ததும், அதன் மூன்று புள்ளிகளைத் தொட்டு ‘Options’ என்பதைத் திறந்து சில அமைப்புகளைப் பார்க்க வேண்டும்.

‘Link sharing’ நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். முன்னரே இணைப்பு அனுப்பிவிட்டவர்கள் இதை இப்போது நிறுத்தினால் பழைய இணைப்பு செயலிழந்துவிடும்.

‘Collaborate’ என்பது மற்ற உறுப்பினர்களும் படங்களைச் சேர்க்க அனுமதிக்கிறது. பாட்டி வீட்டில் எடுத்த படங்களும் ஒரே இடத்தில் சேர வேண்டுமெனில் இதை இயக்கலாம். பார்ப்பதற்கு மட்டும் எனில் நிறுத்தி வைக்கலாம்.

படம் எடுக்கப்பட்ட இடத்தைப் பகிரும் தெரிவும் இங்கே உள்ளது. குழந்தையின் பெரும்பாலான படங்கள் வீட்டிலேயே எடுக்கப்படுவதால், இதை இயக்கினால் வீட்டின் இருப்பிடமும் பகிரப்படும். குடும்பத்தினருக்கு அது தெரிந்ததே என்பதால், நிறுத்தி வைப்பதில் இழப்பு ஏதுமில்லை.

மேலும், குறிப்பிட்ட முகம் தோன்றும் படங்களை ஆல்பத்தில் தானாகச் சேர்க்கும் வசதி செயலியில் உண்டு. குழந்தையின் முகத்தைத் தெரிவு செய்துவிட்டால், புதிதாக எடுக்கும் படங்கள் அனைத்தும் நாம் தொடாமலேயே ஆல்பத்துக்குச் சென்றுவிடும். வசதியானதுதான்; ஆனால் பாலூட்டும்போது எடுத்த படத்திலும் குழந்தையின் முகம் இருக்கும். பூட்டுவதற்கு முன்பே அது நால்வரின் திரையிலும் தோன்றிவிடக்கூடும். எனவே பகிரும் ஆல்பத்தில் இந்த வசதியைத் தவிர்த்து, வாரம் ஒருமுறை படங்களைத் தாமே தெரிவு செய்து சேர்ப்பதே பாதுகாப்பானது.

சரியாக அமைந்துள்ளதா என அறிவது எப்படி?

பூட்டிய கோப்புறையைச் சோதிக்க, கணினி ஒன்றில் photos.google.com தளத்தில் தமது கணக்கில் நுழைந்து, பூட்டிய படங்கள் எடுக்கப்பட்ட தேதிக்குச் சென்று பார்க்கலாம். முதன்மைப் பட்டியலில் அவை தென்படக் கூடாது. தென்பட்டால், அது பூட்டப்படாத மற்றொரு பிரதி என்று பொருள். கைப்பேசி நிறுவனத்தின் சொந்தக் கேலரியையும் ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது.

இணைப்பு உண்மையிலேயே செயலிழந்துவிட்டதா என்பதை அறிய, முன்பு அனுப்பிய இணைப்பை நகலெடுத்து, உலாவியின் மறைநிலைச் சாளரத்தில் ஒட்டித் திறக்க வேண்டும். மறைநிலைச் சாளரம் நமது கணக்கை அறியாது என்பதால், முன்பின் தெரியாத ஒருவர் திறந்தால் என்ன தெரியுமோ அதுவே நமக்கும் தெரியும். படங்கள் தோன்றினால் இணைப்புப் பகிர்வு இன்னும் இயங்குகிறது. தோன்றாவிட்டால் ஆல்பம் அழைக்கப்பட்டவர்களுக்கு மட்டும் என்பது உறுதியாகிறது. உறுப்பினர் பட்டியலையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நமது எடுத்துக்காட்டில் உரிமையாளரையும் சேர்த்து ஐந்து பெயர்கள் இருக்க வேண்டும். ஆறாவதாக ஒரு பெயர் இருந்தால், முன்பு அனுப்பிய இணைப்பின் வழியாக எவரோ இணைந்திருக்கக்கூடும்.

ஓர் உறுப்பினரை நீக்க, அதே ‘Options’ பக்கத்தில் அவரது பெயருக்கு அருகே உள்ள புள்ளிகளைத் தொட வேண்டும். நீக்கினால் அவர் ஆல்பத்தில் சேர்த்த படங்களும் உடன் நீங்கும். இணைப்பை நிறுத்தாமல் ஒருவரை மட்டும் நீக்கினால், அதே இணைப்பின் வழியாக அவர் மீண்டும் ஆல்பத்தைத் திறக்க முடியும் என்பதால், முதலில் இணைப்பையே நிறுத்த வேண்டும்.

பகிர்ந்த படத்தைத் திரும்பப் பெற இயலுமா?

பகிரும் ஆல்பத்தின் எல்லை இங்கே வெளிப்படுகிறது. ஆல்பத்தைக் காணும் உறுப்பினர் ஒரு படத்தைத் தமது கணக்கிலோ கைப்பேசியிலோ சேமித்துக்கொள்ள முடியும். திரைப்பிடிப்பும் எடுக்க முடியும். பின்னர் அவரை நீக்கினாலும், ஆல்பத்தையே அழித்தாலும், அவர் சேமித்த பிரதி அவரிடமே இருக்கும். அதை அவர் முகநூலில் பதிவிடுவதையோ வாட்ஸ்அப் நிலைத்தகவலில் வைப்பதையோ எந்தத் தெரிவும் தடுக்காது. எனவே ‘இந்தப் படம் நால்வரைத் தாண்டிச் செல்லக் கூடாது’ என்று தோன்றினால், அந்தப் படத்தின் இடம் ஆல்பம் அல்ல, பூட்டிய கோப்புறையே. குழந்தையைக் குளிப்பாட்டும் படங்கள் போன்றவற்றை இந்த அளவுகோலைக் கொண்டே பிரிக்க வேண்டும்.

ஐபோன் பயன்படுத்துவோருக்கு

ஐபோனின் சொந்தப் போட்டோஸ் செயலியில் இதே பணிக்கு ‘Hidden’ என்ற ஆல்பம் உள்ளது. 2022-இல் வெளியான ஐஓஎஸ் 16 முதல், இந்த ஆல்பம் முகம், கைரேகை அல்லது கடவுக்குறியீட்டால் பூட்டப்பட்டுள்ளது. அமைப்புகளில் போட்டோஸ் பகுதிக்குச் சென்று ‘Show Hidden Album’ என்பதை நிறுத்தினால், அத்தகைய ஆல்பம் இருப்பதே செயலியில் தெரியாது. ஐக்ளவுட் போட்டோஸ் இயங்கினால், மறைத்த படங்கள் அதே கணக்கில் உள்ள மற்ற ஆப்பிள் கருவிகளிலும் மறைக்கப்பட்ட நிலையிலேயே இருக்கும். கைப்பேசியின் கடவுக்குறியீட்டை அறிந்தவர் இதையும் திறக்க முடியும் என்ற வரம்பு இங்கும் பொருந்தும்.

குடும்பத்தில் சிலரிடம் ஐபோனும் சிலரிடம் ஆண்ட்ராய்டும் இருந்தால், பகிரும் ஆல்பத்தைக் கூகுள் போட்டோஸில் அமைப்பதே எளிது. அந்தச் செயலி இரண்டிலும் இயங்கும். ஐபோன் வைத்திருப்பவருக்கும் ஒரு கூகுள் கணக்கு இருந்தால் போதுமானது.

மீறி வெளியானால்

ஒருவரின் அந்தரங்க உறுப்புகளைக் காட்டும் படத்தை அவரது ஒப்புதலின்றி எடுப்பதும், வெளியிடுவதும், அனுப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 66ஈ பிரிவின்கீழ்க் குற்றமாகும். மூன்று ஆண்டுகள் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். பாதிக்கப்பட்டோர் மத்திய உள்துறை அமைச்சகத்தின் cybercrime.gov.in தளத்தில் புகார் அளிக்கலாம். பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகார்களுக்கு அங்கே தனிப் பிரிவு உள்ளது. பெயரை வெளிப்படுத்தாமலும் அதில் புகார் பதிவு செய்ய முடியும். புகார் அளிக்கும் முன், படம் வெளியான பக்கத்தின் முகவரியையும் தேதி, நேரம் தெரியும் வகையிலான திரைப்பிடிப்பையும் சேமித்து வைக்க வேண்டும். பதிவிட்டவர் அதை நீக்கிவிட்டால் ஆதாரமாக எஞ்சுவது அதுவே.